தாத்தாதானே நிறுத்தச் சொன்னாங்க

நான் எழுதிக் கொடுத்த இரண்டே சொற்களால் ஒரு பையன் இரண்டு வாரம் ஓரத்தில் உட்கார வேண்டியதாகிவிட்டது. அந்தக் கதையைத்தான் இன்று எழுத உட்கார்ந்தேன்.

போன வருஷம் ஜூலை மாதம் எங்கள் தெருவுக்கு பிரான்சிலிருந்து ஒரு பிள்ளை வந்தான். அவனுடைய தாத்தா சொல்தா. புதுச்சேரிக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய குடும்பம். அப்பா அங்கேயே தங்கிவிட்டார். பையனுக்கு இருபத்தாறு வயது. பாரிசுக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் பதிமூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு கால்பந்து கோச். தமிழில் 'வா', 'போ', 'சாப்டியா' வரும். அதற்கு மேல் வராது. விடுமுறைக்கு வந்தவன் சாயங்காலம் எங்கள் பக்கத்துத் திடலுக்குப் போய், அங்கே ஆடும் பையன்களைப் பார்த்துவிட்டு, ஆறு வாரம் நானே சொல்லித் தருகிறேன் என்றான். பையன்களுக்கு ஏற்கெனவே ஒரு பி.டி. சார் உண்டு. நல்ல மனுஷர். அவரும் சரி என்றார். நடுவில் மொழிக்கு ஒரு ஆள் வேண்டும். பிரெஞ்சு மீடியத்தில் படித்து, முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தாவாக இருந்து, பாதி நாள் பழைய பிரெஞ்சுக் கோப்புகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொண்டிருந்தவன் நான். "தோந்தோன், நீங்க வாங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போனான். தோந்தோன் என்றால் மாமா, பெரியப்பா, எது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

அவன் ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு தாள் எழுதுவான். மேலே கூம்பு எத்தனை, பந்து எத்தனை, எத்தனை பேர், எத்தனை நிமிஷம். நடுவில் ஒரு படம். கீழே பையன்களிடம் சொல்ல வேண்டிய கட்டளைகள். அதற்கும் கீழே, சரியாகச் செய்கிறார்களா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது என்று இரண்டு வரி. நான் அதைத் தமிழில் எழுதி பி.டி. சாரிடம் ஒன்று கொடுத்து, இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு சத்தம் போட்டு வாசிப்பேன். முதல் நாள் தாளின் தலைப்பில் 'ப்யூத்' என்று இருந்தது. பிரெஞ்சில் அதற்கு நோக்கம் என்றும் பொருள், கோல் என்றும் பொருள். கால்பந்துத் தாள்தானே என்று நான் 'கோல்' என்று எழுதிவிட்டேன். "கோல்: கால் மாற்றிப் பந்து வாங்கப் பழகுதல்" என்று வாசித்ததும் பதினெட்டுப் பையன்களும் கோல் கம்பத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். எல்லோரும் சிரித்தோம். அந்தத் தப்பு அங்கேயே தீர்ந்தது.

தீராத தப்பு அடுத்த வரியில் இருந்தது. 'கோந்த்ரோல்' என்று எழுதியிருந்தான். அதை 'பந்தை நிறுத்து' என்று மொழிபெயர்த்தேன். நாம் சின்ன வயதில் ஆடியபோது அப்படித்தான் சொல்வோம். வரும் பந்தின் மேல் உள்ளங்காலை வைத்து அமுக்கி நிறுத்திவிட்டு, பிறகு நிமிர்ந்து பார்த்து, பிறகு உதைப்போம். பையன்கள் சொன்ன மாதிரியே செய்தார்கள். எல்லோரையும்விட ஒழுங்காகச் செய்தவன் ஏழாம் நம்பர் பனியன் போட்ட சின்னப் பையன். அதிகம் பேசமாட்டான். சொன்னதை அப்படியே செய்வான். பந்து வந்தால் ஆணி அடித்த மாதிரி காலடியில் நிற்கும்.

கோச் அவனைப் பார்த்து நாளுக்கு நாள் முகம் சுளித்தான். பந்து நிற்கிற நேரத்துக்குள் எதிராளி வந்து தட்டிக்கொண்டு போய்விடுகிறான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் இதே கதை மூன்று தடவை நடந்தது. பி.டி. சாரும் "இவன் கால்ல பந்து ஒட்டிக்கிட்டு நிக்குது சார்" என்று அவனை உட்கார வைத்துவிட்டார். இரண்டாவது ஞாயிறும் அதேபோல.

மூன்றாவது வாரம் கோச் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, என்னை நடுவில் வைத்துக் கேட்டான்: "ஏன் ஒவ்வொரு தடவையும் பந்தை நிறுத்துகிறாய்?" நான் அதைத் தமிழில் கேட்டேன். பையன் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, கோச்சிடம் சொல்கிற மாதிரி சொன்னான்: "தாத்தாதானே நிறுத்தச் சொன்னாங்க."

இதை நான் பிரெஞ்சில் சொல்லியாக வேண்டும். வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம்; பையனுக்கும் தெரியாது, கோச்சுக்கும் தெரியாது. ஒரு நிமிஷம் அந்த எண்ணம் வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். ஆனால் அந்தப் பையன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளதைச் சொன்னேன். கோச் சிரிக்கவில்லை. ஒரு பந்தை எடுத்து என்னிடம் கொடுத்து, "என் பக்கம் உருட்டுங்க தோந்தோன்" என்றான்.

உருட்டினேன். பந்து அவனிடம் வருவதற்குள் ஒரு தடவை தோளுக்கு மேலாகத் திரும்பிப் பின்னால் பார்த்தான். உடம்பைப் பாதி திருப்பிப் பக்கவாட்டில் நின்றான். எனக்குக் கிட்டே இருந்த காலைத் தாண்டிப் பந்தை விட்டு, தூரத்தில் இருந்த காலின் உள்பக்கத்தால் தொட்டான். பந்து நிற்கவே இல்லை. வந்த வேகம் கொஞ்சம் குறைந்து, அவன் போக வேண்டிய பக்கமே உருண்டது. இரண்டாவது தொடுதலில் அதை அனுப்பிவிட்டான். முதல் தொடுதலிலேயே முகமும் பந்தும் போகிற திசைக்கு வந்துவிட வேண்டும். அதற்குப் பெயர்தான் 'கோந்த்ரோல் ஓரியாந்த்தே'. அந்தச் சொல்லில் நிறுத்துவது என்ற பேச்சே இல்லை. பந்தை வாங்குவதும் திருப்புவதும் ஒரே காரியம்.

வீட்டுக்கு வந்து இதற்குத் தமிழ் தேடினேன். 'திசைப்படுத்திய கட்டுப்பாடு' என்று முதலில் எழுதினேன். அகராதிக்குச் சரி. ஓடுகிற பையனிடம் அதைக் கத்த முடியுமா? பந்து எட்டு மீட்டர் உருண்டு வர ஒரு விநாடியோ ஒன்றரை விநாடியோதான். அதற்குள் காதில் விழுந்து காலுக்குப் போகிற சொல்லாக இருக்க வேண்டும். மறுநாள் பையன்களிடமே கேட்டேன். ஒருவன் சொன்னான்: "இந்தக்கால் வேணாம், அந்தக்கால்!" அதுதான் சரியான சொல். அனுப்புகிறவனுக்குக் கிட்டே இருப்பது இந்தக்கால், எட்ட இருப்பது அந்தக்கால். "தாத்தா எப்பவும் அந்தக்காலத்துக் கதைதானே சொல்வாரு" என்று இன்னொருவன் சேர்த்துக்கொண்டான். மூன்று சொல்லில் முடித்தோம்: "பாரு, அந்தக்கால், குடு."

இன்னொரு சொல்லும் என்னைக் கவிழ்த்தது. 'அப்பெல்'. என்னைப் போன்ற குமாஸ்தாவுக்கு அப்பெல் என்றால் மேல்முறையீடு. சாதாரணப் பேச்சில் கூப்பிடுவது. அதனால் 'பந்தைக் கூப்பிடு' என்று எழுதியிருந்தேன். விளைவு, பத்துப் பேர் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு "டேய் எனக்குடா, எனக்குடா" என்று கத்தினார்கள். கோச் காதைப் பொத்திக்கொண்டான். கால்பந்தில் அப்பெல் என்றால் வாயால் கேட்பது இல்லை, ஓட்டத்தால் கேட்பது. எதிராளி உன்னை ஒட்டி நிற்கிறான். இரண்டு அடி ஒரு பக்கம் போகிற மாதிரி போய், அவன் உன்னோடு நகர்ந்ததும், சட்டென்று மறு பக்கம் ஓடு. பந்து வைத்திருப்பவன் அந்த ஓட்டத்தைப் பார்த்து, ஓட்டத்துக்கு முன்னால் பந்தைப் போடுவான். 'ஓடிக் கேளு' என்று மாற்றினேன். கத்தல் பாதி குறைந்தது.

ஆகஸ்ட் பாதியில் கோச் கிளம்ப வேண்டும். "நான் போன பிறகு வாரத் திட்டத்தை நீங்களும் சாரும் சேர்ந்து எழுதுங்க. முதல் திட்டத்தை இப்பவே எழுதிக் காட்டுங்க" என்றான். செவ்வாய், வியாழன், சனி பயிற்சி, ஞாயிறு ஆட்டம். சாயங்காலம் நாலே முக்காலிலிருந்து ஆறே கால் வரை தொண்ணூறு நிமிஷம். திட்டம் போடுவது எனக்குப் புதிதா என்ன? கோடு போட்டுக் கட்டம் கட்டி, மூன்று நாளுக்கும் நிமிஷக் கணக்கோடு ஒரு தாள் நிறைய எழுதிக்கொண்டு போனேன். பதினைந்து, பதினைந்து, இருபது, இருபது, இருபது, கூட்டினால் தொண்ணூறு. பந்து வாங்குவது, தலையால் முட்டுவது, கோல் அடிப்பது, கார்னர், தடுப்பது எல்லாம் உண்டு. கடைசியில் ஆட்டம்.

கோச் சிவப்புப் பேனாவை எடுத்தான்.

முதல் கேள்வி: "தண்ணி எப்போ குடிப்பாங்க? கூம்பை யார் எடுத்து மாத்தி வைப்பாங்க?" தொண்ணூறில் பதினைந்து நிமிஷம் எப்படியும் அதற்குப் போய்விடும். நம் ஊர் வெயிலில் தண்ணீருக்கு இரண்டு தடவையாவது நிறுத்த வேண்டும். ஆகவே எழுத வேண்டியது எழுபத்தைந்து நிமிஷம்தான்.

இரண்டாவது, ஐந்து விஷயத்தில் நாலை அடித்துவிட்டான். வாரத்துக்கு ஒன்றே ஒன்று. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அப்புறம் நினைத்துப் பார்த்தேன்: ஒரு கோப்பில் ஒரு விஷயம் என்று புதிதாக வந்த பையன்களுக்கு நானே எத்தனை தடவை பாடம் நடத்தியிருக்கிறேன்! இரண்டு விஷயத்தை ஒரு கோப்பில் வைத்தால் இரண்டும் முடியாது. அந்த வாரத்துக்கு 'அந்தக்கால்' மட்டும் நின்றது.

மூன்றாவதுதான் பெரிய அடி. பந்து வாங்கும் பயிற்சிக்கு நான் பையன்களை அழகாக வரிசையில் நிறுத்தியிருந்தேன். பதினெட்டுப் பேர், ஒரே வரிசை, ஒரு பந்து, ஒருவர் பின் ஒருவர். "ஒரு பையனுக்கு எத்தனை தடவை பந்து வரும், கணக்குப் போடுங்க" என்றான். ஒரு முறைக்குப் பத்து விநாடி. பதினெட்டுப் பேருக்கு நூற்று எண்பது விநாடி, அதாவது மூன்று நிமிஷம். பன்னிரண்டு நிமிஷப் பயிற்சியில் ஒருவனுக்கு நாலு தடவை. மீதி நேரம் முன்னால் நிற்பவன் பனியனைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

அவன் மூன்று மூன்று பேராகப் பிரித்தான். ஆறு குழு. எங்களிடம் ஏழு பந்து இருந்தது, அதில் ஒன்று காற்று நிற்காது, ஆறு போதும். மூவரும் ஒரே கோட்டில், நடுவிலிருப்பவனுக்கு இரு பக்கமும் எட்டெட்டு மீட்டர், என் நடைக்குப் பன்னிரண்டு அடி. ஒரு ஓரத்தவன் நடுவனுக்கு அனுப்ப, நடுவன் பார்த்து, அந்தக்காலால் திருப்பி, அடுத்த ஓரத்தவனுக்குக் கொடுக்கிறான். அங்கிருந்து திரும்ப வருகிறது. தவறிப்போவதையும் சேர்த்து நடுவனுக்கு ஆறு விநாடிக்கு ஒரு பந்து, நிமிஷத்துக்குப் பத்து. ஆளுக்கு நாலு நிமிஷம் நடுவில் நின்றால் நாற்பது. அதே பன்னிரண்டு நிமிஷம், அதே பையன்கள். நாலு எங்கே, நாற்பது எங்கே! வரிசை பார்க்கத்தான் ஒழுங்கு.

சரியாகச் செய்கிறார்களா என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி கிடைத்தது. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு தூரத்துக் கால் எது என்பதெல்லாம் எனக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. காதை வைத்துக்கொள்வேன். 'தட், தட்' என்று இரண்டு சத்தம் அடுத்தடுத்துக் கேட்டால் சரி. 'தட்', ஒரு இடைவெளி, பிறகு இரண்டு மூன்று சின்னச் சத்தம் கேட்டால் பந்து காலடியில் நின்றுவிட்டது என்று அர்த்தம். பையன் அதைச் சுற்றி வந்துகொண்டிருக்கிறான்.

நாலாவது திருத்தம் மறுபடியும் என் மொழிபெயர்ப்பைப் பற்றியது. அவன் தாள்களில் எக்ஸெர்சீஸ், சித்துவாசியோன், ழே என்று மூன்று வகை வரும். மூன்றையும் நான் 'பயிற்சி' என்றே எழுதிக்கொண்டு வந்திருந்தேன். அவனுக்கு மூன்றும் வேறு வேறு. முதலாவதில் எதிராளி கிடையாது. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது. இரண்டாவதில் எதிராளி உண்டு. ஆட்டத்திலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுத்து, என்ன செய்வது என்று பையனே முடிவெடுக்க வைப்பது. மூன்றாவது ஆட்டமேதான், ஏதாவது ஒரு சின்ன விதியோடு. பழக்கம், சிக்கல், ஆட்டம் என்று பெயர் வைத்தேன். பி.டி. சாருக்கு மிகவும் பிடித்துவிட்டது.

சிக்கல் எதற்கு வேண்டும் என்பது வியாழக்கிழமை தெரிந்தது. பழக்கத்தில் நாற்பது தடவை திரும்பித் திரும்பி, பையன்கள் எப்போது பந்து வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு அந்தக்காலால் திரும்ப ஆரம்பித்துவிட்டார்கள். கோச் நடுவனுக்கு இரண்டு மீட்டர் பின்னால் ஒரு எதிராளியை நிறுத்தினான். பந்து கிளம்பியதும் அவன் நெருங்கலாம், அல்லது நின்ற இடத்திலேயே நிற்கலாம். அது அவன் இஷ்டம். நெருங்கி வந்தால் திரும்பக் கூடாது. வந்த பந்தை ஒரே தட்டில் அனுப்பியவனுக்கே கொடுத்துவிட வேண்டும். வராவிட்டால் திரும்பலாம். இதைப் பின்னால் பார்க்காமல் முடிவு செய்ய முடியாது. அனுப்புகிறவனும் உதவ வேண்டும்: ஆள் வந்தால் "ஆளு!", வராவிட்டால் "திரும்பு!" முதல் நாள் ஆறில் நாலு பந்து பறிபோனது. அதற்காகக் கவலைப்பட வேண்டாம், எல்லாமே நன்றாக நடந்தால் அது சிக்கலே இல்லை, பழக்கம்தான் என்றான் கோச்.

கடைசியில் செவ்வாய்க்கிழமைத் திட்டம் இப்படி நின்றது. பந்தோடு உடம்பைச் சூடாக்கப் பத்து நிமிஷம். முதலில் ஆட்டம் பதினைந்து; கடைசியில் பரிசு மாதிரி வைத்திருந்த ஆட்டத்தை அவன் முன்னாலும் கொண்டுவந்தான், தங்களுக்கு எது வரவில்லை என்று பையன்களுக்கே உறைக்கட்டும் என்று. பிறகு பழக்கம் பதினைந்து, சிக்கல் பதினைந்து, மறுபடி ஆட்டம் இருபது. மொத்தம் எழுபத்தைந்து. ஆட்டத்தையும் ஒரே திடலில் ஒன்பதுக்கு ஒன்பது ஆடாமல், இரண்டு சின்னத் திடலாக்கி, ஒன்றில் நாலுக்கு நாலு, மற்றதில் ஐந்துக்கு ஐந்து. ஆள் குறைந்தால் பந்து அடிக்கடி வரும். வியாழக்கிழமை பழக்கத்தைச் சுருக்கிச் சிக்கலைக் கூட்டினோம். சனிக்கிழமை மொத்தமே ஒரு மணி நேரம், புதிதாக எதுவும் கிடையாது, மறுநாளுக்குக் கால் மிச்சம் இருக்க வேண்டும்; அன்று மட்டும் ஒன்பதுக்கு ஒன்பது.

அந்த ஞாயிறு ஏழாம் நம்பரை இறக்கினார்கள். கோல் எதுவும் அடிக்கவில்லை. நாங்கள் இரண்டுக்கு ஒன்று தோற்றோம். ஆனால் இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் நடுத்திடலில் அவனுக்கு ஒரு பந்து வந்தது. தலை ஒரு தடவை பின்னால் திரும்பியதை நானே பார்த்தேன். 'தட், தட்.' பந்து எதிர்ப் பக்க ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தவனுக்குப் போய்விட்டது. கோச் கை தட்டவில்லை. என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினான். இரண்டாம் பாதியில் அதே பையன் ஆள் வருவதைப் பார்க்காமல் திரும்பிப் பந்தைப் பறிகொடுத்தான். அதுவும் நடந்தது.

கோச் ஊருக்குப் போய்விட்டான். இப்போது திங்கட்கிழமை தோறும் பி.டி. சார் வீட்டுக்கு வருவார். காபி குடித்துக்கொண்டே வாரத் திட்டம் எழுதுவோம். போன மாதம் ஏழாம் நம்பரும் கூடவே வந்து நின்றான். நான் எழுதுவதை எட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா, வெறுமனே பாருன்னு போட்டா எல்லாரும் பந்தைத்தான் பாப்பாங்க. பின்னாடி பாருன்னு போடுங்க" என்றான்.

போட்டேன்.